ஐந்து பார்வைகள், ஒரு கோபம்



மொழிபெயர்ப்பு குறித்துப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டதால் மிகச் சிறியதாக எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் பார்ப்பதைக் குறிக்கும் வினைகள் ஏராளம். அவற்றில் ஐந்தை மட்டும் பேசப்போகிறேன்: கிளான்ஸ், கிளேர், கேய்ஸ், பியர், ஸ்டேர். தமிழ் எழுத்தில் எழுதினால் ஒன்று சமையல் எரிவாயு போலவும் இன்னொன்று மதுபானம் போலவும் தோன்றுகிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

இந்த ஐந்தையும் பள்ளியில் எப்படிக் கற்பிக்கிறோம்? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் உணர்ச்சியை எழுதிப் போடுகிறோம். கிளேர் என்றால் கோபம், கேய்ஸ் என்றால் காதல், ஸ்டேர் என்றால் வியப்பு, பியர் என்றால் ஆர்வம், கிளான்ஸ் என்றால் அலட்சியம். பரீட்சைக்கு இது போதும். கதையை மொழிபெயர்க்க உட்காரும்போது இந்தப் பட்டியல் காலை வாரிவிடுகிறது. காரணம், இந்த ஐந்தில் உணர்ச்சியைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது ஒரே ஒரு சொல்தான். மற்ற நான்கும் உணர்ச்சியைச் சொல்வதில்லை. பார்ப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று மட்டும் சொல்கின்றன. உணர்ச்சியை நாமாக ஊகித்துக்கொள்கிறோம். இந்த வேறுபாட்டைத்தான் இன்று விளக்க முயல்கிறேன்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வினையோடும் ஓர் உணர்ச்சியை அடைமொழியாகச் சேர்த்துப் பாருங்கள். "கோபமாக கிளான்ஸ் செய்தான்" என்று ஆங்கிலத்தில் தடையில்லாமல் எழுதலாம். அன்பாக, பயத்தோடு, பொறாமையோடு, பசியோடு என எதைச் சேர்த்தாலும் அந்தச் சொல் மறுப்பதில்லை. எந்த உணர்ச்சியையும் ஏற்கும் சொல்லுக்குச் சொந்த உணர்ச்சி எதுவும் இல்லை என்றுதானே பொருள்? ஸ்டேரும் ஏறக்குறைய அப்படியே. கோபமாக, திகிலோடு, வியப்போடு, ஒன்றுமே தோன்றாத மனத்தோடு, எல்லாவற்றோடும் அது போகும். பியர் சற்றுக் கறாரானது என்றாலும் சந்தேகம், ஆவல், பதற்றம் ஆகிய மூன்றையும் ஏற்கும். கேய்ஸ் ஆசையையும் ஏற்கும், துயரத்தையும் ஏற்கும். சினத்தோடு சேர்த்தால்தான் நெருடும்.

இப்போது கிளேரை எடுங்கள். "கோபமாக கிளேர் செய்தான்" என்று எழுதினால் நல்ல பதிப்பாசிரியர் முதல் வார்த்தையை அடித்துவிடுவார். சொன்னதையே சொல்கிறது அது. "அன்பாக கிளேர் செய்தாள்" என்று எழுதினால் அது நகைச்சுவை, இல்லையென்றால் பிழை. ஆக, கோபம் அந்தச் சொல்லின் உள்ளேயே இருக்கிறது. மற்ற நான்கில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது.

பெத் லெவின் என்ற மொழியியலாளர் 1993-ல் ஆங்கில வினைகளை அவற்றின் நடத்தையை வைத்து வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்த ஐந்தும் ஒரே வகைக்குள் வருகின்றன. அந்த வகைக்கே பியர் வினைகள் என்றுதான் பெயர். இவற்றின் பொது இயல்பு, நேரடியாகச் செயப்படுபொருளை எடுக்காமை. ஆங்கிலத்தில் ஒருவரை 'சீ' செய்யலாம். ஆனால் ஒருவரை 'பியர்' செய்ய முடியாது, நடுவில் 'அட்' போன்ற ஓர் இடைச்சொல் வேண்டும். இது வெறும் இலக்கண விதி அல்ல. சீ என்றால் பார்வை போய்ச் சேர்ந்துவிட்டது. பியர் முதலானவற்றில் பார்வை ஒரு திசையில் அனுப்பப்படுகிறது, சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. உள்ளே பியர் செய்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லலாம். தமிழில் 'பார்' இரண்டு வேலையையும் செய்கிறது. அனுப்புவதும் அதுவே, போய்ச் சேர்வதும் பெரும்பாலும் அதுவே. சேராதபோது 'பார்த்தேன், தெரியவில்லை' என்று 'தெரி' என்னும் வினையை அழைத்துக்கொள்கிறோம்.

இலக்கணத்தை இங்கே நிறுத்திவிட்டு ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்து பார்ப்போம். இது எந்த நாவலிலும் இல்லை, இந்த உரைக்காக நான் எழுதிக்கொண்டது. இங்கிலாந்தில் ஒரு சிறு ஊர், மாலை நேரம். கதவு தட்டும் ஓசை. ஒரு பெண் கதவைத் திறந்து வாசலில் நிற்பவனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒன்றும் கிடையாது. 'பார்க்கிறாள்' என்ற இடத்தில் மட்டும் ஐந்து வினைகளையும் மாற்றி மாற்றி வைப்போம்.

முதலில் கிளேர். அந்த ஒரு சொல் விழுந்ததும் வாசலில் நிற்பவனுக்கு ஒரு கடந்தகாலம் வந்துவிடுகிறது. அவன் ஏற்கெனவே ஏதோ செய்திருக்கிறான். போன வாரம் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போயிருக்கலாம், தூங்கிய குழந்தையைக் கதவு தட்டி எழுப்பியிருக்கலாம். எதுவென்று தெரியாது, ஆனால் ஒன்று நடந்திருக்கிறது, அதை அவளும் அறிவாள், அவனும் அறிய வேண்டும் என்று நினைக்கிறாள். கிளேர் என்ற சொல் முன்கதை இல்லாமல் நிற்காது. இன்னொன்றும் கவனியுங்கள். எதிராளிக்குத் தெரியாமல் ஒருவரை மணிக்கணக்காக கேய்ஸ் செய்யலாம். கிளேர் அப்படிப் பயன்படுவது அரிது. அது எதிரே இருப்பவருக்கு அனுப்பப்படும் செய்தி. முதுகைப் பார்த்து கிளேர் செய்கிறவரும் அவர் திரும்பினால் நன்றாக இருக்குமே என்றுதான் எண்ணுகிறார்.

அடுத்து ஸ்டேர். இப்போது அவன் செய்த குற்றம் மறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக அவளுடைய எதிர்பார்ப்பு ஒன்று உடைந்திருக்கிறது. இறந்துவிட்டான் என்று நினைத்திருந்த தம்பி வந்து நிற்கலாம். தலையிலிருந்து ரத்தம் ஒழுக ஓர் அந்நியன் நிற்கலாம். அவளுடைய மனம் தடுக்கி விழுந்து இன்னும் எழவில்லை, கண் மட்டும் திறந்தபடி நிற்கிறது. ஸ்டேரில் முக்கியமானது இந்த நிலைகுத்தல்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டாரியன்' என்றிருந்த இச்சொல்லை விறைப்பு என்று பொருள்படும் வேரோடு சொல்வரலாற்று அறிஞர்கள் இணைக்கிறார்கள். கண் விறைத்து நிற்கிறது. உள்ளே என்ன என்பதை அடுத்த வாக்கியம்தான் சொல்ல வேண்டும். மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், பீதியாகவும் இருக்கலாம். எதிரே யாரும் இல்லாமல் சுவரைப் பார்த்து ஸ்டேர் செய்தால் உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

பியர் வைத்தால் கதையிலிருந்து அவன் சற்றுப் பின்னுக்குப் போய் வெளிச்சம் முன்னுக்கு வருகிறது. வாசல் விளக்கு எரியவில்லை. அல்லது மழை. அல்லது அவள் வயதானவள், கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அல்லது கதவைச் சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்திருக்கிறாள். பார்ப்பதற்கு ஏதோ ஒரு தடை இருக்கிறது, அதை மீறிப் பார்க்க முயல்கிறாள். பியர் சொல்வது முயற்சியைத்தான். அந்த முயற்சிக்குப் பின்னால் ஆவல் இருக்கிறதா அச்சம் இருக்கிறதா என்பதைச் சங்கிலி சொல்லும், மழை சொல்லும், பியர் சொல்லாது.

கேய்ஸ் வைத்தால் அந்த வாசலில் நேரம் நின்றுவிடுகிறது. அவளுக்கு அவசரம் இல்லை. பார்வையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. காதலாக இருக்கலாம், பல வருடப் பிரிவாக இருக்கலாம், அவன் முகத்தில் வேறு யாரையோ காண்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அவளுடைய கவனம் அவனிடம் தன்னை ஒப்படைத்துவிட்டது. ஸ்டேரும் கேய்ஸும் நீண்ட பார்வைகளே. ஸ்டேரில் பார்வை மாட்டிக்கொண்டு நிற்கிறது, கேய்ஸில் அது விரும்பித் தங்குகிறது. வருமானவரிப் படிவத்தை ஒருவர் கேய்ஸ் செய்தார் என்று எழுதினால் ஆங்கில வாசகர் சிரிப்பார். ஸ்டேர் செய்தார் என்றால் அனுதாபப்படுவார்.

கடைசியில் கிளான்ஸ். அவள் கதவைத் திறந்து அவனைக் கிளான்ஸ் செய்தாள் என்றால் வாசகர் உடனே அடுத்த வாக்கியத்துக்குத் தாவுகிறார், ஏனென்றால் அவளும் தாவிவிட்டாள். அவளுக்குத் திரும்பிப் போக ஏதோ இருக்கிறது. அடுப்பில் பால் இருக்கலாம், கையில் தொலைபேசி இருக்கலாம், தினமும் வருகிற பேப்பர்காரராக அவன் இருக்கலாம். ஆனால் திறமையான எழுத்தாளர் கையில் இதே சொல் தலைகீழாகவும் வேலை செய்யும். வாசலில் நிற்பவன் அவளுக்கு மிக முக்கியமானவன் என்று முன்பே நமக்குத் தெரிந்திருந்தால், அந்தச் சிறு பார்வை அலட்சியமல்ல, மறைப்பு. அவன் முக்கியமானவன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அவள் கண்ணை அவ்வளவு வேகமாக எடுக்கிறாள். அம்பு கேடயத்தில் பட்டுச் சறுக்கிப் போவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். அந்தப் பொருள்தான் முந்தையது, கண்ணைப் பற்றிய பொருள் பிறகு வந்தது. தொட்டதும் விலகுவது என்ற அளவில் மட்டுமே அந்தச் சொல் உறுதி தருகிறது.

ஆக ஒவ்வொரு வினையும் கதையிடம் ஒன்றைக் கேட்கிறது. கிளேர் ஒரு குற்றத்தைக் கேட்கிறது, ஸ்டேர் ஓர் அதிர்ச்சியை, பியர் ஒரு தடையை, கேய்ஸ் ஓய்வான நேரத்தை, கிளான்ஸ் திரும்பிப் போக ஒரு வேலையை. கேட்டது கிடைத்தால் வாசகர் உணர்ச்சியைத் தானே உருவாக்கிக்கொள்கிறார். கிடைக்காவிட்டால், சொல் சரியாக இருந்தும் வாக்கியம் பொய்யாகத் தோன்றுகிறது. கதையில் யாரும் ஒரு தப்பும் செய்யாதபோது எல்லோரும் எல்லோரையும் கிளேர் செய்துகொண்டே இருக்கும் ஆங்கிலச் சிறுகதைகளை, நம் மாணவர்கள் எழுதுவதில் மட்டுமல்ல, அச்சான புத்தகங்களிலும் காணலாம்.

இனி முகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கிளேரும் பியரும் பொருளில் வெகு தூரம், ஆனால் முகத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் இருவரும் 1978-ல் முகத்தசைகளின் அசைவுகளுக்கு எண் கொடுத்து ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார்கள். அதன்படி கோபமான முகத்தில் கண்ணைச் சுற்றி மூன்று அசைவுகள் நடக்கின்றன. புருவம் கீழிறங்கி நெருங்குவது 4, மேல் இமை உயர்வது 5, இமைகள் இறுகுவது 7. புருவம் கீழே அழுத்த, இமை மேலே தள்ள, நடுவில் கருவிழி முழுதாகத் தெரிகிறது. கிளேர் என்றால் இதுதான். அந்தச் சொல்லே ஒளியிலிருந்து வந்தது. முதலில் அது கண்ணைக் கூசச் செய்யும் ஒளிர்வைக் குறித்தது, அப்புறம்தான் கண்ணுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் 'ஆண்ட்டிகிளேர் போடட்டுமா' என்று கேட்கிறார்களே, அதே கிளேர்தான்.

பியர் செய்யும் முகத்திலும் புருவம் இறங்குகிறது, இமை இறுகுகிறது. 5 மட்டும் இல்லை. மேல் இமை உயராமல் கண் இடுங்குகிறது. இதற்குக் காரணம் உணர்ச்சியே அல்ல, ஒளியியல். இமையை இடுக்கினால் கண்ணுக்குள் போகும் ஒளியின் துளை குறுகுகிறது, துளை குறுகினால் மங்கலான உருவம் சற்றுத் தெளிகிறது. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாதபோது பேருந்தின் எண்ணை எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனியுங்கள். சார்ல்ஸ் டார்வின் 1872-ல் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி எழுதிய நூலில் புருவ நெரிப்பை ஆராய்கிறார். அதைக் கோபத்தோடு மட்டும் அவர் முடிச்சுப் போடவில்லை. சிந்தனையிலோ செயலிலோ கடினமான ஒன்றை எதிர்கொள்ளும்போதெல்லாம் புருவம் நெரிகிறது என்றும், தொலைவில் உள்ளதை வெளிச்சத்தில் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றும் சொல்கிறார்.

இதனால் வரும் குழப்பத்தை எல்லோரும் அனுபவித்திருப்போம். பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் யார் வந்திருப்பது என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். வந்தவர், 'நான் வந்தது மாமாவுக்குப் பிடிக்கவில்லை போல' என்று மனத்தில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார். பியரை கிளேராகப் படித்துவிட்டார். இரண்டையும் பிரிக்க நம்பகமான அடையாளம் மேல் இமை. அது உயர்ந்து கருவிழியின் மேல்விளிம்பு தெரிந்தால் யோசிக்க வேண்டியதுதான். தாழ்ந்திருந்தால் பெரியவருக்குக் கண் மருத்துவரைப் பார்க்க நாள் வந்துவிட்டது.

ஸ்டேருக்கு வருவோம். இது ஐந்திலும் சமூகம் அதிகம் கவலைப்படும் சொல். ஆங்கிலம் பேசும் நாடுகளில் குழந்தைக்கு முதலில் சொல்லித்தரும் மரியாதைகளில் ஒன்று 'ஸ்டேர் செய்யாதே' என்பது. எவ்வளவு நேரம் பார்த்தால் அது ஸ்டேர்? லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறத்தாழ 500 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. திரையில் ஒரு முகம் நேராகப் பார்க்கும், எத்தனை நேரம் பார்த்தால் உங்களுக்குச் சங்கடமில்லை என்று கேட்டார்கள். சராசரி 3.3 விநாடி வந்தது. அதற்காக 3.4 விநாடியில் கிளான்ஸ் ஸ்டேராகிவிடுகிறது என்று அல்ல. ஆனால் நாம் எல்லோரும் உள்ளுக்குள் ஒரு கடிகாரத்தோடுதான் பார்க்கிறோம் என்பது அதிலிருந்து தெரிகிறது.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-ல் பொது இடங்களில் மனிதர் நடந்துகொள்ளும் முறை பற்றி எழுதினார். தெருவில் எதிரெதிரே வரும் இரண்டு அந்நியர்கள் சுமார் எட்டடி தூரம் வரை ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடக்கிறார்கள் என்கிறார். எதிரே வரும் வண்டிக்காக விளக்கைத் தணிப்பது போல என்று அவர் அதை வருணிக்கிறார். 'நீ இருப்பதை அறிந்தேன், உன்னிடம் எனக்குச் சந்தேகமும் இல்லை, வேலையும் இல்லை' என்பது அந்தச் சிறு பார்வையின் செய்தி. கிளான்ஸ் என்றால் அலட்சியம் என்று எழுதி வைத்திருக்கிறோமே, இங்கே அதே கிளான்ஸ் மரியாதையாக இருக்கிறது.

அந்த மரியாதை மறுக்கப்படும்போது என்ன ஆகிறது என்பதற்கு கோஃப்மன் தருகிற உதாரணம், அமெரிக்கத் தெற்கில் வெள்ளையர் சிலர் கறுப்பினத்தாரை வெறுப்போடு வெறித்துப் பார்க்கும் வழக்கம். ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்ற வெள்ளை எழுத்தாளர் தோலைக் கருமையாக்கிக்கொண்டு 1959-ல் தென் மாநிலங்களில் பயணம் செய்தார், 1961-ல் 'பிளாக் லைக் மீ' என்ற நூலாக அதை எழுதினார். 'ஹேட் ஸ்டேர்' என்ற சொற்றொடர் அந்த நூலில் வருகிறது. நம் தலைப்புக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, ஸ்டேர் என்று மட்டும் எழுதினால் வெறுப்பு வராது என்பதால் வெறுப்பை முன்னால் சேர்க்க வேண்டியிருந்தது. மற்றது இன்னும் முக்கியம். ஏன் கிளேர் என்ற ஆயத்தச் சொல் போதவில்லை? கிளேர் செய்கிறவர் எதிராளியை ஒரு மனிதராக ஏற்றுக்கொண்டுதான் கோபப்படுகிறார். நீ இதைச் செய்தாய், செய்திருக்கக் கூடாது என்கிறார். கிரிஃபினைப் பார்த்தவர்களுக்கு அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை. அவர் இருந்ததே போதுமாக இருந்தது. கூண்டிலுள்ள விலங்கையோ ஒரு பொருளையோ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமையோடு மனிதரைப் பார்ப்பதற்கு ஸ்டேர்தான் சரியான சொல்.

கேய்ஸைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 1975-ல் லாரா மல்வி திரைப்படத்தில் பெண்ணைக் காமிரா பார்க்கும் விதத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்த மென்மையான சொல் விமரிசன உலகில் அதிகாரத்தின் சொல்லாகிவிட்டது. அதற்குத் துணையாக மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பிரெஞ்சில் 'ரெகார்' என்ற ஒரே சொல். சார்த்தரின் நூலை 1956-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஹேசல் பார்ன்ஸ் அதை 'லுக்' என்றார். லக்கானை 1977-ல் மொழிபெயர்த்த ஆலன் ஷெரிடன் 'கேய்ஸ்' என்றார். இரண்டாவதுதான் விமரிசனத்தில் நிலைத்தது. இன்று தமிழில் 'ஆண்நோக்கு' என்று எழுதுகிறோம். அது நல்ல சொல். ஆனால் நாவலில் ஒரு கிழவி கடலை கேய்ஸ் செய்யும்போது அந்தக் கோட்பாட்டையெல்லாம் அவள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

இப்போது தமிழுக்கு. அந்த வாசல் வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்ப்போம். பழக்கத்தில் நாம் செய்வது, 'பார்' என்ற வினைக்கு முன்னால் ஒரு வினையெச்சத்தை வைப்பது. முறைத்துப் பார்த்தாள், உற்றுப் பார்த்தாள், வெறித்துப் பார்த்தாள், எட்டிப் பார்த்தாள். இது நம் மொழியின் இயல்பான வழி, குறையல்ல. ஆனால் முன்னால் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறோம். தமிழின் பலம் பின்னாலும் இருக்கிறது, துணைவினையில்.

கிளேருக்குச் சிக்கல் இல்லை. 'முறைத்தாள்' போதும், 'பார்' கூடத் தேவையில்லை. தெருவில் 'என்னடா முறைக்கிறே' என்று கேட்பவர், 'நான் உனக்கு என்ன செய்துவிட்டேன்' என்றும் சேர்த்துத்தான் கேட்கிறார். முறைப்புக்கும் முன்கதை தேவை.

கிளான்ஸை 'ஒரு பார்வை பார்த்தாள்' என்று எழுதுவது நான் அடிக்கடி காணும் பிழை. தமிழில் 'ஹெட்மாஸ்டர் ஒரு பார்வை பார்த்தார், வகுப்பு அடங்கிவிட்டது' என்கிறோம். நம் 'ஒரு பார்வை' கனமானது. கிளான்ஸுக்குப் பொருத்தம், 'அவனைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்' என்பது. பார்த்துவிட்டு என்பதில் உள்ள 'விட்டு' கவனம் அடுத்த வேலைக்குப் போய்விட்டதைக் காட்டிவிடுகிறது. மறைக்கும் கிளான்ஸ் என்றால் வேறு. திருக்குறள் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்களை வைத்திருக்கிறது. 71-வது அரசவைக்கு, 110-வது காதலுக்கு. இரண்டாவதில் வரும் 'சிறுநோக்கம்' இந்த மறைப்புப் பார்வைதான். திருடிக்கொள்ளும் பார்வை என்பதால் அது சிறியதாக இருந்தாக வேண்டும்.

கேய்ஸ், 'பார்த்துக்கொண்டே இருந்தாள்'. எந்த அடைமொழியும் வேண்டாம். 'கொண்டே இரு' நேரத்தை நீட்டிவிடுகிறது, அவள் விருப்பத்தையும் காட்டிவிடுகிறது. பியர், 'கண்ணை இடுக்கிக்கொண்டு யாரென்று பார்த்தாள்'. 'யாரென்று' என்ற ஒரு சொல்லில் தடையும் முயற்சியும் வந்துவிடுகின்றன.

ஸ்டேர்தான் கடினம். 'வெறித்துப் பார்த்தாள்' என்பதில் வெறுமையும் சோகமும் கூடவே வந்துவிடும். 'உற்றுப் பார்த்தாள்' என்றால் ஆராய்கிறாள் என்றாகிவிடும். 'முறைத்துப் பார்த்தாள்' முற்றிலும் தவறு. 'விழித்தாள்' என்றால், அதுவும் 'திருதிருவென்று' சேர்ந்தால், அகப்பட்டுக்கொண்டவளின் திகைப்பு. செத்துப்போனதாக நினைத்த தம்பி வாசலில் நிற்கும்போது நான் எழுதுவது, 'அவனைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்'. ஸ்டேரில் உள்ள விறைப்பைக் கண்ணிலிருந்து எடுத்து உடம்புக்குக் கொடுத்துவிடுகிறேன். 'நின்றாள்' அதைத் தாங்குகிறது. குழந்தையிடம் சொல்லும் 'ஸ்டேர் செய்யாதே'க்கு இது உதவாது. அங்கே 'அப்படிப் பார்க்கக் கூடாது' என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறோம். அந்த 'அப்படி'யைக் கேட்ட குழந்தைக்கு எப்படி என்று விளக்கத் தேவையில்லை.

எதிர்த்திசையிலும் கடன் இருக்கிறது. 'வேடிக்கை பார்த்தான்' என்பதை இந்த ஐந்தில் எதிலும் அடக்க முடியாது. விபத்து நடந்த இடத்தில் கூடி நிற்பவர்கள் கிளான்ஸ் செய்யவில்லை, கேய்ஸ் செய்யவுமில்லை. அவர்கள் ஸ்டேர் செய்கிறார்கள் என்று எழுதினால், கை கொடுக்காமல் நிற்பவர் மேல் தமிழ் வைத்திருக்கும் கண்டனம் போய்விடுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு வினையைத் தேடாமல், நின்றார்கள், உதவவில்லை என்று இரண்டு வாக்கியமாக எழுதிவிடுவது நல்லது.

இங்கே ஆங்கிலம் தமிழ்க் கையகராதிகளைத் தொகுப்பவர்களும் பாடநூல் எழுதுபவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே வேண்டுகோள். ஸ்டேருக்கு எதிரே 'முறைத்துப் பார்' என்று போடுவதை நிறுத்துங்கள். அந்த இடத்தில் மூன்று சிறு வாக்கியங்களைக் கொடுங்கள்: அதிர்ச்சிக்கு ஒன்று, மரியாதைக் குறைவுக்கு ஒன்று, வெறுமைக்கு ஒன்று. 'முறை' என்பதை கிளேருக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.